இனிஷியல் மட்டும் உள்ளவர்கள் சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? நான் பட்ட பாடு

முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள், பிள்ளைக்கு எடுக்கப் போகிறவர்கள், கல்யாணமாகிக் கணவர் இருக்கும் நாட்டுக்குக் கிளம்பும் பெண்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு முப்பது வயதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிட்டு, அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த எழுத்துக்காக அலைந்தவள் நான். விமான டிக்கெட்டில் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல் போனது. பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். என்னைக் கயல்விழி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா ராமலிங்கம், கணவர் செந்தில்நாதன், மாமனார் இளங்கோவன், மகள் யாழினி. பெயர்கள் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் யார் பெயர் யாருடைய கட்டத்தில் போய் உட்கார்ந்தது என்பதுதான் கதையே.

நம் ஊர்க் கணக்கில் இது ரொம்ப எளிது. தாத்தா பெயர் சுப்பையா, அதனால் அப்பா சு. ராமலிங்கம். அப்பா பெயர் ராமலிங்கம், அதனால் நான் ரா. கயல்விழி. மாமனார் இளங்கோவன், கணவர் இ. செந்தில்நாதன், மகள் செ. யாழினி. ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறைக்கு எழுத்தாகிறது, அதற்கடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடுகிறது. தாத்தாவின் ‘சு’ எனக்குக் கிடையாது, அப்பாவின் ‘ரா’ என் மகளுக்குக் கிடையாது. சில வீடுகளில் இரண்டு எழுத்து இருக்கும். மு.க. ஸ்டாலின் என்றால் முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின், தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து வருகிறார்கள். அண்ணாவின் சி.என்.னில் முதல் எழுத்து ஊர், அதாவது காஞ்சிபுரம் ஆங்கிலத்தில் கான்ஜீவரமாக இருந்த காலத்து ‘சி’, இரண்டாவது அப்பா நடராஜன். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் எழுத்து மதுரை, இரண்டாவது அவருடைய அம்மா சண்முகவடிவு. எல்லோரும் அப்பா எழுத்தைத்தான் போட்டார்கள் என்றில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆக, எழுத்தைப் பார்த்து அது அப்பாவா, ஊரா, அம்மாவா, கணவரா என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு சிக்கல், தமிழில் ‘செ’ என்று எழுதுவது ஆங்கிலத்தில் வெறும் எஸ் ஆகிவிடும். சுப்பையாவும் எஸ், செந்தில்நாதனும் எஸ். என் அப்பாவின் எழுத்தும் என் மகளின் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றே, அவர்கள் இருவருக்கும் அந்த எழுத்தால் ஒரு சம்பந்தமும் இல்லை.

குடும்பப் பெயர் ஏன் இல்லை என்று அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருமுறை கேட்டார். நம்மிடம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வந்தது பெரும்பாலும் சாதிப் பட்டம்தான். முதலியார், பிள்ளை, ஐயர், செட்டியார், நாயக்கர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே நாயக்கர் என்பதை எடுத்துவிட்டு ஈ.வெ. ராமசாமியானார். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, பொது இடத்தில் பெயரோடு சாதியைச் சொல்வதே கூச்சமான விஷயமாகிவிட்டது. வால் போனது, முன்னால் இருந்த எழுத்து மட்டும் மிஞ்சியது. எங்கள் வீட்டிலும் தாத்தாவோடு வால் நின்றுவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான், அதை இந்தப் பாஸ்போர்ட் சங்கடத்துக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்கு நான் சொன்ன உதாரணம் சி.வி. ராமனும் சுப்ரமணியன் சந்திரசேகரும். சித்தப்பாவும் அண்ணன் மகனும். ஒருவர் 1930லும் மற்றவர் 1983லும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். பட்டியலைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்றே தெரியாது. ராமனின் முதல் எழுத்து அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். அண்ணன் சி. சுப்ரமணியன் தன் மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார், அதனால் பேரன் எஸ். சந்திரசேகர். பெயர் குடும்பத்துக்குள்தான் சுற்றுகிறது, பின்னால் ஒட்டிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2014இல் கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கும்போது, வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிகள் கேட்கும் என்று எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்தோம். ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் விண்ணப்பத்தை நிரப்பினார். என் மதிப்பெண் பட்டியலில் KAYALVIZHI R என்று இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கட்டம் இரண்டு, Given Name ஒன்று, Surname ஒன்று. ‘உங்களுக்குத்தான் சர்நேம் இல்லையேம்மா’ என்று அந்த அண்ணன் முதல் கட்டத்தில் KAYALVIZHI என்று அடித்து இரண்டாவதைக் காலியாக விட்டுவிட்டார். விண்ணப்பமும் ஏற்றுக்கொண்டது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான் போனது. அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் அச்சாகி வந்தது, அது போதும் என்று வீட்டில் நினைத்தோம். பாஸ்போர்ட் அலுவலகமும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கேதான் முதல் விஷயம்: காலி சர்நேம் இந்தியாவுக்குள் செல்லும், பாஸ்போர்ட்டும் வந்துவிடும், அதனால் பிரச்சினை இருப்பதே தெரியாது. வெளிநாட்டு விசா, டிக்கெட் என்று கிளம்பும்போதுதான் தெரியும்.

வேலையில் சேர்ந்ததும் பான் கார்டு. அதில் நேர்மாறு, கடைசிப் பெயர் இல்லாமல் விடவே முடியாது, அங்கேயும் தனி எழுத்தை வாங்காது. அலுவலகத்தில் இருந்தவர் அப்பா பெயரை விரித்து KAYALVIZHI RAMALINGAM என்று போட்டுவிட்டார். 2017இல் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணமானால் அப்பா எழுத்து போய்க் கணவர் எழுத்து வரும், யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, பத்திரிகையில் நன்றி சொல்லும்போதே மாறிவிடும். ரேஷன் கார்டில் சேர்க்கப் போனபோது மாமனார் ஆதாரையும் கையோடு மாற்றச் சொன்னார். ஆதாரில் Kayalvizhi S ஆனேன். மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது கணக்கைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் ஆர், பானில் ராமலிங்கம், ஆதாரில் எஸ், பாஸ்போர்ட்டில் ஒன்றுமே இல்லை. நான்கும் நான்தான், நான்கும் அரசாங்கமும் பல்கலைக்கழகமும் கொடுத்ததுதான். 2022இல் வேலையை விட்டுவிட்டு பிஎஃப் பணம் எடுக்கப் போட்டால், அவர்கள் கணக்கில் ஆர் என்றும் ஆதாரில் எஸ் என்றும் இருக்கிறது, ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. கம்பெனியும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய ஜாயின்ட் டிக்ளரேஷன், அதற்கு ஆதாரம், பழைய கம்பெனி எச்.ஆர்.க்குத் திரும்பத் திரும்ப மெயில். அடுத்த வருஷம்தான் பணம் வந்தது. வேலையை விடும் எண்ணம் இருந்தால், எச்.ஆர். உங்கள் போனை எடுக்கும் காலத்திலேயே பிஎஃப் கணக்கில் இருக்கும் பெயரையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

கணவர் டெக்சாஸில் வேலையில் இருந்தார். அங்கே வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் எச்-4 விசாவில் நானும் மகளும் போக வேண்டும். அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்திலும் இரண்டு கட்டம்தான், ஆனால் அங்கே சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்றால் அந்தப் பெயரைத் தூக்கிச் சர்நேமில் போட வேண்டும், சொந்தப் பெயருக்கான கட்டத்தில் FNU என்று அடிக்க வேண்டும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். சர்நேம் KAYALVIZHI, பெயர் FNU. அம்மா அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, எனக்குப் பெயரே தெரியாது என்று எழுதியிருக்கிறது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதே படிவத்தில் தாய்மொழி எழுத்தில் முழுப்பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் தமிழில் ரா. கயல்விழி என்று எழுதிவிட்டு மனதை ஆற்றிக்கொண்டேன். வேறு பெயர்களில் அறியப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு பானில் இருக்கும் பெயரையும் ஆதாரில் இருக்கும் பெயரையும் கொடுத்தேன். அதை மறைக்காமல் கொடுத்தது பிற்பாடு பெயரைச் சரிசெய்யும்போது நன்மையாகத்தான் போனது.

அடுத்தது டிக்கெட். கணவர் அங்கிருந்தபடியே ஒரு தளத்தில் போட்டார். அந்தத் தளமும் கடைசிப் பெயர் இல்லாமல் நகர மறுத்தது. அவர் தன் பெயரைப் போட்டு KAYALVIZHI SENTHILNATHAN என்று முடித்துவிட்டார். மகள் பாஸ்போர்ட்டில் SENTHILNATHAN என்று சர்நேம் இருக்கிறது, அம்மாவுக்கும் அதுவே இருந்தால் நல்லதுதானே என்பது அவர் கணக்கு. சென்னை விமான நிலையத்தில் இரவு பதினொன்றரை மணிக்கு, மூன்று வயதுப் பிள்ளை தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருக்க, கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ‘மேடம், செந்தில்நாதன்ங்கிற பேரே உங்க பாஸ்போர்ட்ல பேர் இருக்கற இடத்துல இல்லையே’ என்றார். கடைசிப் பக்கத்தில் கணவர் பெயருக்கான இடத்தைக் காட்டலாம் என்றால் அது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட், அந்த இடம் காலி. கல்யாணச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். மேலதிகாரி வந்தார், எழுத்துப் பிழையென்றால் திருத்தலாம், ஒரு முழுப்பெயரையே எடுக்க வேண்டுமென்றால் வேறு ஆளுக்கு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்ததுபோல ஆகும், இந்த நேரத்தில் எங்களால் முடியாது என்றார். பதிவு செய்த தளத்தின் உதவி எண்ணில் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் போய்விட்டது. ரத்து செய்த டிக்கெட்டில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது, புது டிக்கெட் அந்த வாரத்து விலை, இரண்டும் சேர்ந்துதான் அந்த அறுபதாயிரம். அப்பாவுக்குப் போன் செய்து காரை அனுப்பச் சொன்னபோது அழுதுவிட்டேன். அவர் என்ன ஆச்சு என்று கேட்க, உங்க பேர் இல்லாமப் போனதுதான் பிரச்சினை என்று சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு டிக்கெட் போடும் முறை விமானக் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சிலர் முதல் பெயரில் FNU போடச் சொல்வார்கள், சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் கடைசிப் பெயரில் உங்கள் பெயரையும் முதல் பெயரில் MS என்பதையும் போடச் சொல்வார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் விமானக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கும் தளத்திடம் கேட்டுப் பயனில்லை. அமெரிக்கா போகிறவர்களுக்கு விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, அதாவது கடைசிப் பெயர் KAYALVIZHI, முதல் பெயர் FNU என்று போட்டதுதான் எனக்கு இரண்டாவது தடவை பிரச்சினையில்லாமல் போனது. எது செய்தாலும் பாஸ்போர்ட்டின் பெயர்ப் பகுதியில் இல்லாத கணவர் பெயரையோ அப்பா பெயரையோ டிக்கெட்டில் நுழைக்காதீர்கள்.

போய் இறங்கிய இடத்தில் குடிவரவு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் முன்னால் இருந்த மூன்று பெயர்களைப் பாருங்கள். எனக்குச் சர்நேம் கயல்விழி. மகளுக்குச் சர்நேம் செந்தில்நாதன். யாரிடம் போகிறீர்கள் என்றால் கணவரிடம், அவருடைய சர்நேம் இளங்கோவன். அம்மா, அப்பா, பிள்ளை, மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். நம் கணக்கில் இது நூற்றுக்கு நூறு சரி, அவர் கணக்கில் பிள்ளையை யாரோ கூட்டிவருவதுபோல இருக்கிறது. பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். நல்ல வேளை, அதில் அம்மா பெயர் எழுத்து இல்லாமல் கயல்விழி என்று மட்டும் இருந்தது, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போனது. எஸ் என்றோ ஆர் என்றோ சேர்ந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி வந்திருக்கும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே அப்பா அம்மா பெயர் அவரவர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ், கல்யாணப் பதிவு இரண்டின் அசலையும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நான் FNU ஆகவே வாழ்ந்தேன். ஓட்டுநர் உரிமத்தில் அப்படித்தான் அச்சாகி வந்தது, ஏனென்றால் அவர்கள் விசாவையும், நாட்டுக்குள் நுழையும்போது குடிவரவில் போடும் ஐ-94 பதிவையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். மருந்துக் கடையில் ‘ஃப்னு’ என்று கூப்பிட்டார்கள், பல் டாக்டர் ‘எஃப் என் யூ’ என்றார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். ஆனால் ஒருநாள் ஆஸ்பத்திரியில் முதல் பெயர் FNU என்று தேடினால் வரிசையாக ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் நம்மைப்போல சர்நேம் இல்லாதவர்கள். பிறந்த தேதியை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வேறொருவர் கணக்குக்குப் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது, பாஸ்போர்ட்டைத் திருத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்ததும் அன்றைக்குத்தான். இது அமெரிக்காவோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று சொன்னது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தினார்கள். துபாய்க்கு அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள்கூட ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

என் பாஸ்போர்ட் 2024இல் காலாவதியாக வேண்டியது, எப்படியும் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சமயத்திலேயே சர்நேமையும் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என்ன பெயரைச் சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு. கணவர் பெயரைப் போட்டால் மகளுக்கும் எனக்கும் ஒரே சர்நேம் ஆகும், ஆனால் பள்ளி முதல் டிகிரி வரை எல்லாம் ஆர், பானில் ராமலிங்கம், இங்கே படிப்பை மதிப்பிடக் கொடுக்கும்போது இன்னொரு விளக்கம் எழுத வேண்டும். மாமனார் பெயரைப் போட்டுக் கணவரோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார், அப்படிச் செய்தால் என் பெயரில் இளங்கோவன் என்று வருவதற்கு ஆதாரமாகக் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. கயல்விழியைச் சர்நேமாகவும் ராமலிங்கத்தை முதல் பெயராகவும் போட்டால் தமிழ் வரிசைப்படி அப்பா முன்னால் வருவார் என்று இன்னொரு யோசனை. வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இந்த ஊரில் முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டாக்டர் முதல் வங்கி வரை எல்லோரும் என்னை ராமலிங்கம் என்று அழைப்பார்கள். கடைசியில் பானில் ஏற்கெனவே இருந்தபடியே, சொந்தப் பெயர் KAYALVIZHI, சர்நேம் RAMALINGAM. பெயர் தேர்ந்தெடுக்கும்போது எது அழகு, எது முறை என்று யோசிப்பதைவிட, எந்த வடிவத்துக்கு உங்களிடம் பழைய ஆவணம் அதிகம் இருக்கிறது என்று பாருங்கள். கேட்கும்போது நீட்டத் தாள் இருப்பதுதான் அங்கே செல்லும். எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி, ஒரு தாளில் எதில் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்த்ததும் எனக்கு அரை மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிட்டது.

விண்ணப்பத்தை இந்தியத் தூதரகத்துக்காக வாங்கும் வெளி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். மறு வழங்கலுக்குக் காரணமாகக் காலாவதியோடு, விவரங்களில் மாற்றம் என்பதையும் குறிக்க வேண்டும், காலாவதியை மட்டும் குறித்தால் பழைய பெயரே திரும்பி வரும். பான், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழி எல்லாம் வைத்தேன். முதல் முறை ஆவணம் போதாது என்று நிறுத்தி வைத்தார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள ஆர் என்பது ராமலிங்கம்தான் என்று எப்படி நம்புவது என்பதுதான் கேள்வி. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருந்ததைக் காட்டித்தான் அது நகர்ந்தது. கட்டணம், கூரியர், போட்டோ எல்லாம் சேர்ந்து நூறு டாலரைத் தாண்டியது, டிக்கெட் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இந்தியாவில் இருக்கும்போதே செய்தால் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான். விசா வாங்கும் முன்பே, ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரி இப்போது இப்படி வந்தது:

```
P<INDRAMALINGAM<<KAYALVIZHI<<<<<<<<<<<<<<<<<
```

நடுவில் இரட்டையாக வரும் அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது சர்நேம், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். விமான நிலையக் கணினியும் குடிவரவுக் கணினியும் படிப்பது இந்த வரியைத்தான், மேலே அழகாக அச்சாகியிருப்பதை அல்ல. புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

பாஸ்போர்ட் மாறியவுடன் எல்லாம் மாறிவிடாது. விசா பழைய பாஸ்போர்ட்டில் FNU என்றே இருந்தது, ஐ-94உம் அப்படியே. கணவர் கம்பெனி வழக்கறிஞர், அடுத்த முறை இந்தியா போகும்போது புதுப் பெயரில் விசா அடித்துக்கொண்டு வாருங்கள், அதுவரை வெளியே போக நேர்ந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கையில் வையுங்கள் என்றார். அப்படித்தான் செய்தேன். புது விசாவில் வந்து இறங்கியபோது ஐ-94 சரியான பெயரில் வந்தது. அதைக் காட்டி உரிமம், அதைக் காட்டி வங்கி, அதைக் காட்டி ஆஸ்பத்திரி. இந்த வரிசையை மாற்றப் பார்க்காதீர்கள். நான் வங்கியில் முதலில் மாற்றிவிடலாம் என்று போய், உரிமம் எங்கே என்று திருப்பி அனுப்பப்பட்டேன். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கியும் போடாதீர்கள், FNU KAYALVIZHI என்பவரும் நானும் ஒரே ஆள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

2024இல் இரண்டாவது பிள்ளை இங்கே பிறந்தான். ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவம் கொண்டுவந்த பெண், அப்பாவின் கடைசிப் பெயரைப் பார்த்து, பிள்ளைக்கு இளங்கோவன்தானே என்று கேட்டார். மாமனாருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்தான். ஆனால் அங்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இளங்கோவன் என்று எழுதினால் தாத்தா பெயர் அப்படியே உறைந்து, இனி பேரன், பேரன் மகன் என்று எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டு போகும், ஒரு குடும்பப் பெயர் பிறந்துவிடும். இங்கே பல தமிழ் வீடுகளில் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது, அதில் தவறும் இல்லை, விமான நிலையத்தில் வசதியும்கூட. ஊரிலேயே அப்பா பெயரைப் பின்னால் முழுதாகப் போடுவது பெருகிவிட்டது, உதயநிதி ஸ்டாலின் என்பதுபோல. நாங்கள் அக்காவும் தம்பியும் வெவ்வேறாக இருக்கக் கூடாது என்பதற்காக SENTHILNATHAN என்றே போட்டோம். உடன்பிறந்தவர்களுக்குள் சர்நேம் ஒன்றாக இருப்பது அப்பா அம்மாவோடு ஒன்றாக இருப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது புரியும். அந்தப் பெண் நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

இன்னும் பாக்கி இருப்பது ஆதார். அதில் நான் இன்னமும் எஸ். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், கல்யாணத்தின்போது ஒன்றைச் செலவு செய்துவிட்டேன். மிச்சம் இருக்கும் ஒன்றை அடுத்த தடவை ஊருக்கு வரும்போது புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயன்படுத்தப் போகிறேன். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.